நஷ்டம் இரண்டரை லட்சம், வரம்பு பத்தாயிரத்து ஐந்நூறு

1993 டிசம்பரில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் கட்டட வேலைக்கு மார்ட்டன்சன் என்ற கட்டுமான நிறுவனம் டெண்டர் போட்டது. துணை ஒப்பந்தக்காரர்கள் சொன்ன விலைகளைத் தொகுத்துக் கணக்குப் பார்க்க, டிம்பர்லைன் என்ற நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தியது. கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே திரையில் ஒரு பிழைச் செய்தி திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் டெண்டர் போனது, வேலையும் கிடைத்தது. பிறகு சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, கேட்டிருக்க வேண்டிய தொகையைவிடச் சுமார் 19.5 லட்சம் டாலர் குறைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

மென்பொருளில் குறை இருந்தது. அது தயாரித்த நிறுவனத்துக்கு முன்பே தெரிந்தும் இருந்தது. வேறு சில வாடிக்கையாளர்களுக்குத் திருத்திய பதிப்பை அனுப்பிய நிறுவனம், மார்ட்டன்சனுக்கு அனுப்பவில்லை. இத்தனைக்கும் பிறகு, 2000-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் மென்பொருள் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பெட்டிக்குள் வைத்திருந்த உரிமத்தில் பொறுப்பு வரம்பு என்று ஒரு பத்தி இருந்தது. மென்பொருளைப் பயன்படுத்தியதன் மூலம் அதை மார்ட்டன்சன் ஏற்றுக்கொண்டுவிட்டது என்றது நீதிமன்றம். 

வக்கீல்கள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. வீட்டில் ஒரு மேஜையில் மடிக்கணினி வைத்துத் தனியாகத் தொழில் செய்யும் ஃப்ரீலான்சருக்கு அதே பத்தி என்ன செய்யும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அந்தப் பத்தி ஏறக்குறைய எல்லா மென்பொருள் உரிமங்களிலும் இருக்கிறது. “I Agree” என்ற பொத்தானை அழுத்தும்போது நாம் அதற்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறோம். வழக்கமாக அது எப்படி எழுதப்பட்டிருக்குமோ, அதே நெருக்கத்தோடு தமிழில் எழுதிப் பார்ப்போம்.

“பொருந்தும் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அளவுக்கு, உரிமம் வழங்குநரோ அதன் துணை நிறுவனங்களோ விநியோகத்தரோ, இம்மென்பொருளின் பயன்பாட்டினாலோ பயன்படுத்த இயலாமையினாலோ எழும் மறைமுகமான, தற்செயலான, சிறப்பான அல்லது பின்விளைவான எந்த இழப்புக்கும், இலாப இழப்பு, வருவாய் இழப்பு, தரவு இழப்பு, வணிகத் தடை, நற்பெயர்க் கேடு, மாற்று மென்பொருள் பெறும் செலவு ஆகியவை உட்பட, ஒப்பந்தம், கவனக்குறைவு அல்லது வேறெந்தச் சட்டக் கோட்பாட்டின் அடிப்படையிலும், அத்தகைய இழப்பு நேரக்கூடும் என முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருப்பினும், பொறுப்பாக மாட்டார்கள். இவ்வொப்பந்தம் தொடர்பாக எந்தத் தரப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பும், கோரிக்கைக்குக் காரணமான நிகழ்வுக்கு உடனடியாக முந்தைய 12 மாதங்களில் நீங்கள் உரிமம் வழங்குநருக்குச் செலுத்திய தொகையை மிகாது. ஆயின் கட்டணம் செலுத்தும் கடமை, பிரிவு 3-இன் பயன்பாட்டு வரம்புகளை மீறுதல், பிரிவு 11-இன் கீழ் நீங்கள் அளிக்கும் ஈட்டுறுதி ஆகியவற்றுக்கு இவ்வரம்பு பொருந்தாது.”

இதையே பேச்சுவழக்கில் சொன்னால் இப்படி வரும்: “எங்கள் மென்பொருளால் உங்கள் தொழில் நின்றாலும், லாபம் போனாலும், கோப்புகள் அழிந்தாலும், வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போனாலும் நாங்கள் பணம் தர மாட்டோம். எங்கள் கவனக்குறைவால் நடந்திருந்தாலும் தர மாட்டோம். இப்படி நடக்கும் என்று நீங்கள் முன்பே எச்சரித்திருந்தாலும் தர மாட்டோம். இதையெல்லாம் தாண்டி ஏதாவது தர வேண்டி வந்தால், கடந்த 12 மாதத்தில் நீங்கள் எங்களுக்குக் கட்டிய தொகைக்கு மேல் தர மாட்டோம். எல்லாத் தகராறுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எங்களுக்குத் தர வேண்டியதற்கு அந்த உச்சவரம்பு கிடையாது.”

சைக்கிள் ஸ்டாண்ட் சீட்டின் பின்புறம் “வண்டியில் உள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியின் நீண்ட வடிவம்தான் இது. நீளத்துக்குக் காரணம் உண்டு. நீதிமன்றத்தில் எந்தெந்த வழியாகப் பணம் கேட்க முடியுமோ, அந்த ஒவ்வொரு வழிக்கும் ஒரு சொற்றொடர் போட்டு அடைத்திருக்கிறார்கள். ஆங்கில மூலத்தில் இந்தப் பத்தி மட்டும் பெரும்பாலும் பெரிய எழுத்துகளிலேயே இருப்பதற்கும் சட்டம்தான் காரணம். பொருளின் தரத்துக்கான சில உத்தரவாதங்களை மறுக்கும்போது, அந்த மறுப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பு. அந்தப் பழக்கம் பக்கத்துப் பத்தியான பொறுப்பு வரம்புக்கும் ஒட்டிக்கொண்டது.

பத்தியில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. முதல் வாக்கியம் நஷ்டத்தின் வகையைப் பார்க்கிறது. பட்டியலில் உள்ள வகை என்றால் தொகை எவ்வளவு சின்னதானாலும் கிடையாது. இரண்டாவது வாக்கியம் தொகையைப் பார்க்கிறது. முதல் வடிகட்டியில் தப்பி வந்த நஷ்டத்துக்கும் இவ்வளவுதான் என்று எல்லை போடுகிறது. “12 மாதக் கட்டணம் எப்படியும் திரும்பக் கிடைக்கும்” என்று பலர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டும்தான். அந்தத் தொகையே கையில் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு பெண் இணையதளம் அமைத்துப் பராமரிக்கும் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலைக் கடையின் ஆன்லைன் விற்பனைத் தளத்தை மாதம் 6,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்கிறார். தளத்தின் தரவைத் தினமும் பேக்கப் எடுக்க, மாதம் 1,500 ரூபாய் கட்டி ஒரு மென்பொருளை ஏழு மாதமாகப் பயன்படுத்துகிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த மென்பொருளுக்கு ஓர் அப்டேட் வருகிறது. அதில் இருந்த பிழை, ஆர்டர்களும் விலைப்பட்டியலும் இருந்த தரவை அழித்துவிடுகிறது. பேக்கப்பைத் திறந்தால் கோப்புகள் இருக்கின்றன, உள்ளே எதுவும் இல்லை. தளம் மூன்று நாள் முடங்குகிறது.

தரவை மீட்க வெளியாள் ஒருவருக்கு அவர் 18,000 ரூபாய் கொடுக்கிறார். கடைக்காரர் தன் கணக்கை நீட்டுகிறார். போன லாபம் 1,90,000, வீணாய்ப்போன விளம்பரச் செலவு 60,000, ஆக மொத்தம் 2,50,000 ரூபாய்.

இப்போது மென்பொருள் நிறுவனத்திடம் எதைக் கேட்க முடியும்? கடைக்காரரின் லாப இழப்பு பட்டியலிலேயே இருக்கிறது, அது போயிற்று. விளம்பரச் செலவை “நேரடி நஷ்டம்” என்று வாதாடலாம். ஆனால் அந்தச் செலவு கடைக்காரருடையது, இவருடையது அல்ல. மூன்றாவது ஆள் இவரிடம் கேட்கும் பணத்தைப் பின்விளைவான நஷ்டம் என்றே நிறுவனம் சொல்லும். மீட்புச் செலவான 18,000 ரூபாய்தான் நேரடி நஷ்டத்துக்கு மிக அருகில் வருகிறது. அதற்கும் “தரவு இழப்பு” என்ற சொல் குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டினாலும் அடுத்தது உச்சவரம்பு. ஏழு மாதம், மாதம் 1,500 வீதம் 10,500 ரூபாய். எல்லா வாதத்திலும் ஜெயித்தால்தான் அந்த 10,500. பெரும்பாலும் நடப்பது, வேலை செய்யாத மாதத்தின் கட்டணமான 1,500 ரூபாயைத் திருப்பித் தந்து கணக்கை முடிப்பதுதான்.

உச்சவரம்பு வாக்கியத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது, 12 மாதத்தை எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள் என்பது. மேலே உள்ள பத்தியில் அது நிகழ்வு நடந்த நாள். சில உரிமங்களில் கோரிக்கை எழுப்பிய நாள் என்று இருக்கும். நம் உதாரணத்தில் அந்தப் பெண் மனம் வெறுத்து உடனே சந்தாவை நிறுத்திவிட்டு, பத்து மாதம் கழித்து நோட்டீஸ் அனுப்பினால் என்ன ஆகும்? அந்த 12 மாதத்துக்குள் அவர் கட்டியது இரண்டே மாதக் கட்டணம். வரம்பு 10,500-லிருந்து 3,000 ஆகச் சரிந்துவிடும். எனவே அப்படிப்பட்ட உரிமம் என்றால் தாமதிக்காமல், நடந்த உடனேயே எழுத்தில் கோரிக்கை அனுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, “நீங்கள் உரிமம் வழங்குநருக்குச் செலுத்திய” என்ற சொற்கள். நம் ஃப்ரீலான்சர்களில் பலர் சந்தாவை வாடிக்கையாளரின் கார்டிலிருந்து கட்டுகிறார்கள். ஆனால் கணக்கைத் தங்கள் மின்னஞ்சல் முகவரியில் திறக்கிறார்கள். இடைத்தரகரிடம் குறைந்த விலைக்கு உரிமம் வாங்குபவர்களும் உண்டு. அப்போது “நீங்கள் எங்களுக்கு எதுவும் கட்டவில்லையே” என்று நிறுவனம் சொல்ல இடம் கிடைக்கிறது. இலவசப் பதிப்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கட்டியது பூஜ்யம் என்றால் வரம்பும் பூஜ்யம். சில உரிமங்கள் இதற்காகவே “கட்டிய தொகை அல்லது 100 டாலர், இரண்டில் எது அதிகமோ அது” என்று எழுதுகின்றன. அங்கே “அதிகமோ” என்றிருக்கிறதா “குறைவோ” என்றிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் அநியாயமாகப் படுகிறது. வாக்கியம் “எந்தத் தரப்பின் பொறுப்பும்” என்று தொடங்குகிறது. இரு பக்கத்துக்கும் சமமான வரம்பு என்று தோன்றும். “ஆயின்” என்ற சொல்லுக்குப் பிறகு வரும் விலக்குகளைப் படியுங்கள். கட்டணம் செலுத்துவது யார்? நாம். பயன்பாட்டு வரம்பை மீறக்கூடியது யார்? நாம். ஈட்டுறுதி கொடுத்திருப்பதும் நாம்தான். உச்சவரம்பிலிருந்து விலக்கிய மூன்றும் நம் தலையில் விழக்கூடியவை. ஒரே உரிமத்தில் ஐந்து தளங்களுக்கு அனுமதி என்றிருக்க, ஆறாவது வாடிக்கையாளருக்கும் அதையே நிறுவிவிட்டால், அதனால் வரும் கோரிக்கைக்கு வரம்பே கிடையாது. அவர்கள் நமக்குத் தர வேண்டியது 10,500-இல் நிற்கும். நாம் அவர்களுக்குத் தர வேண்டியது எங்கும் நிற்காது. நியாயமாக எழுதிய உரிமங்களில் விலக்குப் பட்டியலில் நிறுவனத்தின் பக்கமும் ஏதாவது இருக்கும். ரகசியத் தகவலைக் கசியவிட்டால் வரம்பு கிடையாது, மென்பொருள் வேறொருவரின் காப்புரிமையை மீறியதால் உங்கள்மேல் வழக்கு வந்தால் வரம்பு கிடையாது என்று எழுதியிருப்பார்கள். இரண்டு மென்பொருள்கள் ஒரே விலையில் கிடைத்தால், நான் முதலில் ஒப்பிடுவது இந்த விலக்குப் பட்டியலைத்தான்.

இந்தியச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73 பேசும். ஒப்பந்தம் மீறப்பட்டால், அதிலிருந்து இயல்பாக விளையும் நஷ்டத்தைக் கேட்கலாம். ஒப்பந்தம் போடும்போதே இப்படி ஒரு நஷ்டம் வரக்கூடும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் அதையும் கேட்கலாம். தொலைதூர, மறைமுக நஷ்டம் கிடையாது. நஷ்டத்தைக் குறைக்க நமக்கிருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். உரிமப் பத்தியில் “முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருப்பினும்” என்று ஒரு துண்டு இருந்ததே, அதன் குறி இந்தப் பிரிவின் இரண்டாவது கதவுதான். “தீபாவளி விற்பனைக்காகத்தான் இதை வாங்குகிறேன், தரவு போனால் லட்சக்கணக்கில் நஷ்டம்” என்று வாங்கும் முன்பே எழுதியிருந்தால் பிரிவு 73 உங்களுக்குக் கைகொடுக்கும். அந்தத் துண்டு வாக்கியத்துக்குச் சம்மதித்திருந்தால் அந்தக் கடிதத்தால் பயனில்லை.

“இவ்வளவு ஒருதலைப்பட்சமான பத்தி நம் நீதிமன்றத்தில் செல்லுமா?” என்று கேட்கலாம். பெரும்பாலும் செல்லும். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு இதற்கு வழிகாட்டி. அந்தப் பின்னலாடை நிறுவனம் ஜெர்மனியில் இருந்த வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பியது. சரக்குக்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. ஆவணங்கள் போய்ச்சேரவில்லை. நகல்கள் போவதற்குள் சீசன் முடிந்துவிட, ஜெர்மன் வாடிக்கையாளர் விலையைக் குறைத்தார். நஷ்டம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். கூரியர் படிவத்தில் பொறுப்பு வரம்பு 100 டாலர் என்று அச்சிட்டிருந்தது, நிறுவனத்தின் தரப்பில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். கையெழுத்திட்ட ஆவணத்தின் நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 100 டாலர் வரம்பையே உறுதிசெய்தது.

சில இடங்களில் பத்தி உடையும். ஏமாற்றி விற்றது நிரூபணமானால் வரம்புக்குப் பின்னால் நிறுவனம் ஒளிந்துகொள்ள முடியாது. “ஓராண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை போய்விடும்” என்று உரிமத்தில் இருந்தால், இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தத்தில் அது பிரிவு 28-இன்படி செல்லாது. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் தரும் மூன்று ஆண்டுகளைச் சுருக்க முடியாது. ஆனால் பத்தியின் தொடக்கத்தில் “பொருந்தும் சட்டம்” என்று வந்ததை நினைவில் வையுங்கள். பல உரிமங்களில் பொருந்தும் சட்டம் கலிஃபோர்னியாவுடையது. தகராறும் அங்கேதான் தீர வேண்டும் என்றிருக்கும். 10,500 ரூபாய்க்காக யாரும் கடல் கடந்து போகப்போவதில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பது அடுத்த கேள்வி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒன்றை வரையறுத்து, அதற்கு எதிராக மாநில ஆணையத்தில் புகார் தர வழி வைத்திருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது பொது விதி. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. ஃப்ரீலான்சருக்குப் பொருத்தமான விலக்குதான். இருந்தாலும் அந்த விளக்கம் “பொருள்” என்று மட்டும் சொல்கிறது, “சேவை” என்று சொல்லவில்லை. மாதச் சந்தாவில் இணையத்தின் வழியே வரும் மென்பொருள் பொருளா சேவையா என்ற சண்டையிலிருந்தே எதிர்த்தரப்பு தொடங்கும். இதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

ஆகவே மென்பொருள் நிறுவனத்திடமிருந்து என்ன வாங்கலாம் என்ற கேள்வியில் நேரத்தைச் செலவிடுவதில் பெரிய பயனில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அந்தப் பத்தியை ஃப்ரீலான்சர் படிக்க வேண்டியது வேறு காரணத்துக்காக. மேலே இருக்கும் நிறுவனம் தன் பொறுப்பை 10,500-இல் நிறுத்திவிட்டது. கீழே இருக்கும் வாடிக்கையாளருக்கு நாம் எவ்வளவு பொறுப்பு? அதற்கு எந்த வரம்பும் எழுதாமல் இருந்தால், நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் நம் தலையில் விழும்.

ஈரோட்டு உதாரணத்துக்கே வருவோம். அவருக்கும் சேலைக் கடைக்கும் நடுவே வாட்ஸ்அப்பில் பேசி முடித்த விலையைத் தவிர ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால், பிரிவு 73 நேராக அவர்மேல் பாயும். தீபாவளி விற்பனைக்கு மூன்று நாள் தளம் நின்றால் லாபம் போகும் என்பது இயல்பாக விளையும் நஷ்டம் என்று கடைக்காரர் வாதிடலாம். அவர் தன் கணக்கை நிரூபிக்க வேண்டும், நஷ்டத்தைக் குறைக்க முயன்றிருக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. அப்படியும் இரண்டரை லட்சம் மேஜைமேல் இருக்கும். இதைவிட மோசம், கடைக்காரரின் கணக்காளர் எங்கிருந்தோ எடுத்துத் தந்த ஒப்பந்தத்தில், “இப்பணியால் எழும் அனைத்து இழப்புகளுக்கும் ஒப்பந்ததாரர் முழு ஈடு செய்வார்” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது. அந்த ஒரு வரி, சட்டம் தானாகத் தரும் சிறு பாதுகாப்பையும் எடுத்துவிடக்கூடும்.

மென்பொருள் நிறுவனம் நம்மிடம் செய்ததை நாமும் நம் ஒப்பந்தத்தில் செய்யலாம். ஆனால் நியாயமாகவும் புரியும்படியும் செய்யலாம். அந்தப் பெண் இப்படி எழுதியிருக்கலாம்:

“என் வேலையில் தவறு நேர்ந்தால் அதைக் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தருவேன். அதற்கு மேல் நான் தர வேண்டிய இழப்பீடு, தவறு நடந்த நாளுக்கு முந்தைய 6 மாதங்களில் நீங்கள் எனக்குத் தந்த கட்டணத்தைத் தாண்டாது. விற்பனை இழப்பு, லாப இழப்பு ஆகியவற்றுக்கு நான் பொறுப்பல்ல. தளத்தில் பயன்படும் பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்கப்படும். அவற்றின் குறைகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் உரிமமே பொருந்தும். அவற்றைச் சரியாக நிறுவுவதும், பேக்கப்பை மாதம் ஒருமுறை மீட்டுப் பார்ப்பதும் என் பொறுப்பு. வேண்டுமென்றே செய்த தீங்குக்கு இந்த வரம்பு பொருந்தாது.”

ஆறு மாதக் கட்டணம் என்றால் 36,000 ரூபாய். மேலிருந்து 10,500 வந்தால், மீட்புச் செலவு தவிர, கைவிட்டுப் போவது 25,500. ஒன்றுமே வராவிட்டாலும் 36,000-தான். ஒரு தீபாவளி கெட்டுப்போகும், தொழில் மூழ்காது. இந்தப் பத்தியில் கடைக்காரருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதால்தான் அவர் ஒப்புக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. சரிசெய்து தருவேன் என்ற உறுதி முதலில் வருகிறது. “எதற்கும் நான் பொறுப்பல்ல” என்று எழுதினால் எந்த வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார், நீதிமன்றமும் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். லாப இழப்பை ஏற்க முடியாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தால், தொகையை உயர்த்திக் கொடுத்து வகையை விட்டுக்கொடுக்காமல் பேசலாம். 36,000 என்பதை 72,000 ஆக்குவது, எல்லையில்லாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு.

உரிமத்தை வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்கச் சொல்லும் வரி அவர் நன்மைக்கும்தான். அப்போது மென்பொருள் நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் அவருக்கு இருக்கிறது, கட்டணம் கட்டியவரும் அவரே, “நீங்கள் செலுத்திய தொகை” என்ற சொற்களும் அவருக்கே பொருந்துகின்றன. நாளை நீங்கள் இந்த வேலையை விட்டுப் போனாலும் அவர் தளம் நிற்காது.

இன்னொன்று. இந்தப் பத்தி வேலை தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் அனுப்பும் பில்லின் அடியில் அச்சிட்டால், “இதற்கு நான் எப்போது சம்மதித்தேன்?” என்று அவர் கேட்பது நியாயம். ஒரு மின்னஞ்சலில் அனுப்பி, “சரி, ஏற்றுக்கொள்கிறேன்” என்று பதில் வாங்கிக்கொண்டாலே போதுமான சான்று கிடைத்துவிடும். பெரிய தொகை புழங்கும் வாடிக்கையாளர் என்றால், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்புக்கு அந்தப் பாலிசி பணம் தருமா என்று வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். பல பாலிசிகளில் அதற்கு விலக்கு இருக்கும்.

பேக்கப்பை மீட்டுப் பார்ப்பதை ஒப்பந்தத்தில் எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. வேறொரு காலி இடத்தில் அதை விரித்து, நேற்றைய ஆர்டர்கள் கண்ணில் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சாராத இரண்டாவது நகல் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெண் மாதம் ஒருமுறை இதைச் செய்திருந்தால், காலிக் கோப்புகள் தீபாவளிக்கு முன்பே அகப்பட்டிருக்கும். மீட்டுப் பார்த்த தேதியையும் திரைப்படத்தையும் ஒரு கோப்பில் வைத்திருந்தால், தகராறு வரும்போது உங்கள் கவனக்குறைவு இல்லை என்பதற்கும் அதுவே ஆதாரம்.

உங்கள் தொழில் எந்த மென்பொருளின்மேல் அதிகம் நிற்கிறதோ, அதன் உரிமத்தை இன்றே திறந்து Ctrl+F அழுத்தி `liability` என்று தேடுங்கள். உச்சவரம்பு எவ்வளவு, எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், எவை விலக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பக்கத்தில், உங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு என்பதை எழுதுங்கள். அங்கே எழுத எண் இல்லையென்றால், அந்த வாடிக்கையாளரின் அடுத்த வேலையைத் தொடங்கும் முன் அந்த எண்ணைப் பேசி முடித்துவிடுங்கள்.